இரண்டாம் மாதச் சரக்கு

பழைய பட்டுப்புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய கதை தமிழ்நாட்டில் பல வீடுகளில் உண்டு. பாத்திரக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புடவையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். சரிகையை நகத்தால் சுரண்டுவார். மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். "இத்துப் போச்சும்மா, இதுக்கு ஒரு தூக்குச்சட்டிதான் வரும்" என்பார். வீட்டுக்காரம்மா முகம் சுருங்கும். ஆனால் அந்தச் சோதனையில் பிழை இருக்காது. எந்தப் புடவையை இன்னொருத்தி உடுத்த முடியும், எது சரிகைக்கு மட்டும்தான் ஆகும் என்பது அவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்று அதே புடவை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'ப்ரீலவ்டு' என்ற பெயரில் விலைக்கு வருகிறது. பீரோவைத் திறந்து உடுத்தாத பத்துப் புடவையைப் படம் பிடித்துப் போட்டால் ஐந்தாறு விற்றுவிடும். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வாங்குவார்கள். கையில் சில ஆயிரம் சேரும். இதை மாதாமாதம் செய்யலாமே என்ற ஆசை அங்கேதான் முளைக்கிறது, பெரும்பாலும் அங்கேயே வாடியும் விடுகிறது. காரணம் எளிது: பீரோ காலி. முதல் மாதம் விற்றது வீட்டில் கிடந்த பொருள், அதற்குக் கொள்முதல் விலை என்று ஒன்றைக் கணக்கில் வைத்திருக்கவில்லை. இரண்டாம் மாதம் சரக்கு வெளியிலிருந்து வர வேண்டும். தொழில் தொடங்குவது அந்த மாதத்தில்தான்.

சரக்குக்கு வழி இரண்டு. ஒன்று, காசு கொடுத்து வாங்கி விற்பது. இன்னொன்று, அடுத்தவர் பீரோவில் இருப்பதைக் கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பது. புதிதாக இறங்குபவருக்கு இரண்டாவதே நல்லது. பழைய துணியில் எது போகும், எது தேங்கும் என்று சொல்லும் கண் ஒரே மாதத்தில் வராது. அந்தக் கண் வரும்வரை தேங்குவதன் நஷ்டம் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். கமிஷனுக்கு எடுத்தால், விற்காதது உரியவர் வீட்டுக்கே திரும்பிப் போகும்.

இதில் உறவு கெடாமல் இருக்க நான்கு விஷயங்களை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் வைத்திருப்போம், எவ்வளவுக்குக் கீழே விற்கக் கூடாது, பங்கு எவ்வளவு, சலவைக்கும் பாலிஷுக்கும் யார் செலவு. நாற்பத்தைந்து நாள், மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய கமிஷன் என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் கட்டுப்படியாகும். எழுத்து எதற்கு, நம்ம சித்திதானே என்று விட்டால், "அந்த மாம்பழக் கலர் புடவையை 800 ரூபாய்க்கா கொடுத்தே?" என்ற கேள்வி அடுத்த கல்யாண வீட்டில் பந்தியிலேயே வரும்.

எடுக்கும்போது பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. பட்டுப்புடவை பெரும்பாலும் இற்றுப்போவது மடிப்பில். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அந்தக் கோட்டிலேயே பலமிழக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மடிப்புக் கோட்டில் ஊசிமுனை போலப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். அப்படித் தெரிந்தால் அது உடுத்தும் புடவை இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். பிறகு இடுப்பு வரும் பகுதியில் வியர்வைக் கறை, ஃபால்ஸ் தைத்த ஓரத்தில் தேய்மானம், முந்தானையில் எண்ணெய்ப் பிசுக்கு. நாஃப்தலீன் உருண்டையைத் துணிமேலேயே போட்டு வைத்திருந்தால் சரிகை மங்கியிருக்கிறதா என்று அந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும், நாற்றமும் எளிதில் போகாது. நிழலில் ஓரிரு நாள் காற்றாடப் போட்டுவிட்டுத்தான் படம் எடுக்கவே வேண்டும்.

பட்டா, பாலியெஸ்டரா என்ற சந்தேகம் வந்தால் ஓரத்தில் தொங்கும் ஓரிரு இழையை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பது பழைய முறை. பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். சரிகைக்கும் ஒரு வழி உண்டு. காஞ்சிபுரத்து அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஓர் இழையைப் பிரித்துப் பார்த்து உள்ளே சிவப்பு நூல் இருந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம், வெள்ளை நூலோ பிளாஸ்டிக் பளபளப்போ என்றால் வேறு கதை. இது முதல் வடிகட்டல்தான், சான்று இல்லை. சிவப்பு நூலின்மேல் செம்புக் கம்பி சுற்றியதும் சந்தையில் உண்டு. அதனால் கருவியில் வைத்துச் சோதிக்காமல் 'அசல் சரிகை' என்று விளம்பரத்தில் எழுதுவது ஆபத்து. தெரியாததை எழுதாமல் விடுவதே மேல்.

ஒரு பழைய பட்டுக்கு விலை இரண்டு விதம் என்பதைப் பாத்திரக்காரம்மா அறிந்திருந்தார்: உடுத்தும் விலை ஒன்று, சரிகையின் விலை ஒன்று. வெள்ளி ஏறிக் கிடக்கும் காலத்தில், மடிப்பில் இற்ற பழைய கனமான புடவையை 800 ரூபாய்க்கு ஆன்லைனில் தள்ளுவதைவிட, பழைய பட்டு எடுக்கும் கடைகள் இரண்டு மூன்றில் விலை கேட்பது லாபமாக இருக்கும். ஒரு கடையில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. ஒரே புடவைக்குக் கடைக்குக் கடை விலை மாறும்.

படம் எடுப்பதில் பலரும் தடுமாறுவது நிறத்தில். டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு பழுப்பாகவும் மயில் கழுத்து வெறும் நீலமாகவும் விழும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், நேர் வெயில் படாத ஜன்னலோரம் போதும். ஃபில்டர் கூடவே கூடாது. முழு உடல், முந்தானை, கரை, உள்பக்கம், பிளவுஸ் துணி இருக்கிறதா இல்லையா, கடைசியாகக் குறை. அந்தக் குறைப் படத்தைத்தான் புதிதாக வருபவர்கள் மறைப்பார்கள். கறைமேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் பிடித்துப் போடுங்கள் என்பார்கள் அனுபவப்பட்டவர்கள், அளவு உடனே புரிந்துவிடும் என்பதால். கொசுவத்தில் மறையும் கறை என்றால் அதையும் எழுதலாம். கறையைப் பார்த்தே வாங்கியவர் அதே கறையைச் சொல்லித் திருப்பி அனுப்புவது அபூர்வம்.

சுடிதார், குர்தி, சட்டை என்றால் லேபிளில் உள்ள 'எம்', 'எல்' எழுத்தை நம்பவே கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், துவைத்த துணி சுருங்கியும் இருக்கும். துணியைத் தரையில் விரித்து மார்பு, தோள், நீளம் மூன்றையும் இன்ச் டேப்பில் அளந்து எழுத வேண்டும். மார்பளவு 19 இன்ச் என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும். விரித்த நிலையில் 19, சுற்றளவு 38 என்று இரண்டையும் எழுதினால் பாதிக் கேள்விகள் வராது.

இனிக் கணக்கு. பெரும்பாலானோர் போடாமல் விடுவது இதைத்தான், ஆகவே ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நான்கு வீடுகளிலிருந்து கமிஷனுக்கு 40 உருப்படி எடுக்கிறார், பெரும்பாலும் பட்டும் கோட்டாவும் சில்க் காட்டனும். சோதித்ததில் ஒன்பது தேறவில்லை, அன்றே திருப்பிக் கொடுக்கிறார். மிச்சம் 31. ஆறு வாரத்தில் 19 விற்கிறது, அதில் ஒன்று திரும்பி வருகிறது. நிகரமாக 18. சராசரி விலை 900 ரூபாய் என்றால் மொத்தம் 16,200. நூற்றுக்கு 35 பங்கு கமிஷன் என்றால் அவருக்கு 5,670.

செலவு: ஆறு பட்டுக்கு பாலிஷ் 720, கவரும் டேப்பும் பிரிண்டும் 285, வீடுகளுக்குப் போய்வர ஆட்டோ 400, திரும்பி வந்த ஒன்றுக்குப் போக வரக் கொரியர் 160. ஆக 1,565. மற்ற பார்சல்களுக்கு வாங்குபவரே கொரியர் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் நிற்பது 4,105 ரூபாய்.

நேரத்தையும் எழுதிப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். வீடுகளுக்குப் போய் எடுத்துவர ஆறு மணி நேரம், சோதிக்க ஏழு, துவைத்துத் தேய்த்துப் படமெடுத்து எழுதப் பதின்மூன்று, கட்டி அனுப்ப ஆறு. வாங்காதவர்களிடம் பேசுவதுதான் எதிர்பாராத செலவு, பன்னிரண்டு மணி நேரம் அதில் போகும். "அவைலபிளா?" "ஆமா." "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க." "எழுதியிருக்கிறதுதாங்க விலை." "யோசிச்சுச் சொல்றேன் சிஸ்." அதோடு ஆள் காணாமல் போவார். எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து மணி நேரம் பக்கத்தில் வரும். மணிக்குத் தொண்ணூறு ரூபாய்.

மோசமில்லை, பெரிதுமில்லை. இந்தத் தொகையை உயர்த்த இன்னும் அதிகம் விற்க வேண்டும் என்று தோன்றும், அது தவறு. ஒரு குர்தியைப் படமெடுக்கவும் ஒரு பட்டைப் படமெடுக்கவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். 300 ரூபாய்க் குர்தியில் கமிஷன் 105. 2,000 ரூபாய்ப் புடவையில் 700. மேலே சொன்ன அதே 18 உருப்படியின் சராசரி விலை 900 என்பது 1,500 ஆனால், செலவும் நேரமும் மாறாமலேயே மிச்சம் 7,885 ஆகிறது, மணிக்கு 175. எனவே எதை எடுக்க மறுக்கிறோம் என்பதில்தான் வருமானம் ஏறுகிறது. குறைந்த விலைத் துணியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கட்டாகக் கட்டி விற்பதே வழி: மூன்று குர்தி ஒரு விலை, அல்லது இரண்டு வயதுக் குழந்தைக்கான பத்து உடுப்பு ஒரே விலை. ஒரு படம், ஒரு பேச்சு, ஒரு பார்சல். குழந்தைத் துணியைத் தனித்தனியாக விற்பவர் தன் நேரத்தைத் தானே திருடிக்கொள்கிறார்.

பார்சலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தபால் அலுவலக ஸ்பீட் போஸ்ட் கட்டணம் எடைப் படிகளாக ஏறுவது, 500 கிராமைத் தாண்டினால் அடுத்த படி. மெல்லிய காட்டன் புடவையை அட்டைப்பெட்டியில் வைத்தால் பெட்டியின் எடையே படி தாண்ட வைத்துவிடும். தனியார் கொரியர்களிலோ பெட்டி பெரிதாக இருந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 40-க்கு 30-க்கு 10 பெட்டி என்றால் 2.4 கிலோ, உள்ளே இருப்பது அரைக் கிலோவானாலும். துணிக்குத் தண்ணீர் புகாத கவர் போதும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தால்தான் குறை ஏற்கப்படும் என்று பல விற்பனையாளர்கள் நிபந்தனை போடுகிறார்கள். அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், வாங்கிய பின் சொன்னால் சண்டைதான்.

வீட்டுச் சாமான்கள் வேறு ஜாதிச் சரக்கு. மிக்ஸி, வாஷிங் மெஷின், கட்டில், கண்ணாடிக் கதவு அலமாரி எல்லாம் கொரியரில் போகாது. வாங்குபவர் வந்து பார்த்து எடுத்துப்போக வேண்டும். அதனால் இங்கே ஊர் முழுக்க விற்பதைவிட ஐந்து கிலோமீட்டருக்குள் விற்பதே கணக்கு. ஓஎல்எக்ஸும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸும் இதற்குத்தான் தோது. பள்ளி ஆண்டு முடிந்து வீடு மாறும் ஏப்ரல், மே மாதங்களில் விற்பவரும் அதிகம், வாங்குபவரும் அதிகம். மின்சாதனம் என்றால் ஓடும் வீடியோ வேண்டும். மிக்ஸி வெறும் ஜாரில் சத்தமில்லாமல் ஓடும், ஊறவைத்த உளுந்து போட்டால்தான் மோட்டார் குணம் தெரியும். கேஸ் அடுப்பை விற்கலாம், ஆனால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சேர்த்து விற்கக் கூடாது. அவை எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கொரியரில் போகக்கூடிய வீட்டுச் சாமானில் தொடர்ந்து ஆள் வருவது பழைய பித்தளை, வெண்கலம், இரும்புச்சட்டி, கல்சட்டி, ஊறுகாய் ஜாடி ஆகியவற்றுக்கு. காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவில் கடை கடையாக இவற்றை அடுக்கி வைத்திருப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் தட்டும் தூக்கும் அங்கே கிடைக்கும். அங்கே போய் அரை நாள் விலை கேட்டுவிட்டு வருவது நல்ல பள்ளிக்கூடம். பித்தளைக்கு அடிமட்ட விலை என்பது காயலான் கடையின் அன்றைய கிலோ விலை. அதற்குக் கீழே விற்பது நஷ்டம், அதற்கு மேலே போவது வடிவத்துக்கும் நிலைமைக்கும். சமைக்கும் பித்தளைப் பாத்திரம் என்றால் உள்ளே ஈயப்பூச்சு போயிருக்கிறதா என்று பார்த்து, போயிருந்தால் அதைத் தெளிவாக எழுத வேண்டும். பூச்சில்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்க முடியாது. விளக்கு, சிலை போன்றவை நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை என்று பட்டால் நின்று யோசிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி கிடையாது. 'பாட்டி காலத்து, 120 வருஷப் பழசு' என்று ஜம்பமாக எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது.

மோசடியில் ஒரு பழைய நாடகம் இன்னும் ஓடுகிறது. கட்டில் விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடம் போன் வரும். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், இடமாற்றம் என்றும், பொருளைப் பார்க்கவே வேண்டாம், முழு விலையும் இப்போதே அனுப்புகிறேன் என்றும் ஒருவர் சொல்வார். பேரமே பேசமாட்டார், முதல் அறிகுறி அதுதான். பிறகு ஒரு க்யூஆர் கோடை அனுப்பி, பணம் பெற இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்பார். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை, போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் க்யூஆர் கோடு வித்தை அதோடு ஒழியவில்லை. பணம் கட்டியதாக ஸ்கிரீன்ஷாட் மட்டும் காட்டுபவரிடமும் எச்சரிக்கை வேண்டும், வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே பொருள் வாசலைத் தாண்டலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விட்டால் மீட்பது கடினம்.

எந்தத் தளத்தையும் முழுதாக நம்பிக் கடை விரிக்க முடியாது என்பதற்குச் சமீபத்திய சாட்சி உண்டு. பழைய துணிக்கென்றே பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனமான போஷ்மார்க் 2021இல் இந்தியாவுக்கு வந்து 2023இல் கடையைக் கட்டிக்கொண்டு போனது. அங்கே ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அந்த எண்ணிக்கையைக் கையோடு எடுத்து வர முடியாது. இரண்டாவது முறை வாங்கியவரின் சம்மதத்தோடு அவர் எண்ணை வாட்ஸ்அப் பட்டியலில் சேர்த்து வைப்பதும், அவருக்குப் பிடித்த நிறம், அளவு, விலை வரம்பை ஒரு வரி எழுதி வைப்பதும் இந்தத் தொழிலின் உண்மையான முதல். திருப்பித் திருப்பி வாங்கும் முப்பது பேர் இருந்தால் "லாஸ்ட் பிரைஸ்" பேச்சே பெரும்பாலும் இராது.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தப் புடவையையும் கட்டிலையும் விற்று வரும் பணத்துக்கு வருமான வரியில் மூலதன ஆதாயம் என்று எதுவும் கிடையாது, அவை சொந்த உபயோகப் பொருள்கள். நகை அந்தக் கணக்கில் சேராது. ஆனால் மாதாமாதம் வாங்கி விற்றாலும், கமிஷன் வாங்கினாலும் அது வருமானம், கணக்கில் காட்ட வேண்டியது. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு இந்த அளவுத் தொழிலுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஒரு நோட்டில் யாருடையது, எடுத்த தேதி, கேட்ட விலை, விற்ற விலை, செலவு என்று ஐந்து பத்தி போட்டு எழுதினால் போதும். அந்த நோட்டில் முதலில் பார்க்க வேண்டியது விற்றதை அல்ல, நாற்பத்தைந்து நாள் தாண்டியும் கிடப்பதை. அந்த வரிசையில் ஒரே வகைத் துணி மூன்று தடவை வந்தால் அந்த வகையை இனி எடுக்கக் கூடாது.

தொடங்க நினைப்பவர்கள் ஆடியில் விற்பனையை எதிர்பார்க்க வேண்டாம். கல்யாணம் இல்லாத மாதம், புதுத்துணியே தள்ளுபடியில் கிடைக்கும் மாதம், பழையதைச் சீந்த ஆளிருக்காது. அதே ஆடியில்தான் பலரும் புதிது வாங்கிப் பீரோவில் இடமில்லாமல் தவிப்பார்கள், சரக்கு சுலபமாகக் கிடைக்கும். எடுத்து, காற்றாட விட்டு, படம் பிடித்து வைத்துவிட்டால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பே போடலாம். பட்டுக்கு விசாரிப்பு வருவது அப்போதுதான்.